அழுத்தினால் பெருக்கும் திரவம்

அவரை நான் நானா என்றுதான், அண்ணன் முறை வைத்து, கூப்பிடுவேன். அட்டாளைச்சேனைக்காரர். பல்கலைக்கழகப் பௌதிகத் துறையில் என்னைவிட ஆறேழு வருடம் மூத்தவர். கல்முனையிலிருந்து போய்வருகிற எனக்கு, அங்கே வேலை கிடைத்த நாளிலிருந்து நோன்பு திறப்பதற்குக்கூட அவர் வீட்டில் ஓர் இடம் இருந்தது.

குளிரூட்டும் திரவமொன்றுக்கு இருவரும் சேர்ந்து ஒரு சமன்பாடு எழுதினோம். அவர் வரைந்து கொண்டுவந்த வளைகோட்டில் ஒரு துண்டு எனக்கு உறுத்தியது. வெப்பநிலை மாறாமலிருக்க, கனவளவு கூடும்போது அமுக்கமும் அங்கே கூடியது. அமுக்கப்படும் தன்மை மறை எண்ணாகிவிட்டது என்று அர்த்தம். அதே இடத்தில், அமுக்கம் மாறாதபோதுள்ள வெப்பக்கொள்ளளவும் பூச்சியத்துக்குக் கீழே இறங்கியிருந்தது.

பலகையில் ஒரு பெட்டியைக் கீறி நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் தற்செயலாகக் கொஞ்சம் பெருத்தால் அதன் அமுக்கம் குறைய வேண்டும். அப்போதுதான் வலப்பக்கம் அதைத் திருப்பித் தள்ளும். இங்கே பெருத்த பக்கத்தின் அமுக்கம் ஏறுகிறது, ஆகவே அது மேலும் பெருக்கும். வெப்பமும் அப்படித்தான். வெப்பத்தை வாங்கிய பாதி குளிர்ந்தால் மேலும் வாங்கும், கொடுத்த பாதி சூடேறி மேலும் கொடுக்கும். சின்ன அசைவொன்று தானாக அடங்காத இடத்தில் எந்தப் பதார்த்தமும் ஒரே சீராக நிற்காது. ஆவியாகவும் திரவமாகவும் பிரிந்துவிடும்.



"ஓம் தம்பி, சரிதான். அந்தத் துண்ட எடுத்திருவம்," என்றார் நானா.

நான் நம்பினேன். எங்கள் கட்டுரையை அவர் வாசிக்கவிருந்த மாநாட்டுக்குப் போகும்வரை அந்தப் படத்தைத் திரும்பப் பார்க்கவும் இல்லை.

மண்டபத்தில் திரை விரிந்தபோது அந்தத் துண்டு அப்படியே இருந்தது, சிவப்பு நிறத்தில். அழுத்தினால் பெருக்கும் புதுவகை உறுதியான திரவம் என்று அவர் சொல்லிக்கொண்டு போனார். கீழே என் பெயரும் இருந்தது. முன்வரிசையிலிருந்த பேராசிரியை ஒருவர், இது ஒரு கணமாவது சீராக நிலைக்குமா என்று மெதுவாகக் கேட்டார். நானா திரும்பி என்னைக் காட்டினார். அந்தப் பகுதிக் கணக்கு முழுக்க என்னுடையது என்றார்.

நான் எழுந்து, நிலைக்காது என்றேன். காரணத்தையும் சொன்னேன். பேராசிரியை தலையசைத்துவிட்டு, தெரிந்துகொண்டு ஏன் பெயர் போட்டீர்கள் என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அதைச் சொல்ல நானாவைப் பொய்யன் என்று அழைத்திருக்க வேண்டும். உட்கார்ந்துவிட்டேன்.

தேநீர் வேளையில் அவரே என்னைத் தேடி வந்தார்.

"புதுசா ஒண்டும் இல்லாம எப்படிப் போய் நிக்கிற? நீ இளம் ஆள், உன்ட பிழையெண்டா கெதியா மறந்திருவாங்க."

"பலகையில நீங்க ஓம் எண்டு சொன்னீங்களே, நானா."

அவர் கோப்பையை வைத்துவிட்டு வேறு யாரிடமோ கதைக்கப் போனார்.

கட்டுரையிலிருந்து என் பெயரை எடுக்கும்படி மாநாட்டுக் குழுவுக்கு அன்றே எழுதினேன். பெயரை எடுத்தார்கள், கட்டுரையும் வெளிவரவில்லை. இப்போதும் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில் சலாம் சொல்கிறார், நானும் பதில் சொல்கிறேன். நானா என்ற சொல் மட்டும் வாயில் வருவதில்லை.