எண்ணக்கூடாத தலைகள்

கிரானிலிருந்து வந்து மட்டக்களப்பு வீடுகளின் விசேஷங்களுக்குச் சமைப்பவள் சீதேவி. இதுவரை பிறந்தநாள், காதுகுத்து அளவில்தான். அடுத்த மாதம் நகரத்துப் பெரும்புள்ளி நல்லரத்தினத்தின் மகளுக்குக் கல்யாணம். அந்தச் சமையல் கிடைத்தால் பெரிய வீடுகள் அவளைத் தேடி வரும். அதற்கு முன் அவள் கைப்பக்குவத்தைப் பார்க்க விரும்பிய நல்லரத்தினம், வாவிக்கரையில் தங்கை அன்னப்பூரணி கட்டிய புதுவீட்டில் குடிபுகும் விசேஷமான குடிபூரலுக்கு அவளை அமர்த்தினார்.

எத்தனை பேர் வருவார்கள் என்று சீதேவி கேட்டாள். தலையை எண்ணினால் கண்ணூறு படும் என்று அன்னப்பூரணி சொல்ல மறுத்தாள். மாங்கேணியிலிருந்து மச்சான் கொண்டுவருவது மீனோ இறாலோ, அதுதான் கறி என்றாள். ஓய்வுபெற்ற அதிகாரி அவள். கந்தோரில் கோப்புகளை எண்ணியவளுக்கு விருந்தாளிகளை எண்ணப் பயம்.

சீதேவி வெங்காயம், மிளகாய்த்தூள், மல்லித்தூளை இரண்டாம் தேங்காய்ப்பாலில் கொதிக்கவைத்துப் பொதுக் குழம்பு ஆக்கினாள். எது வந்தாலும் அதில் சீக்கிரம் வெந்துவிடும், முதற்பால் கடைசியில். அளவு நாலு மடங்கானாலும் உப்பையும் உறைப்பையும் நாலு மடங்கு போடமாட்டாள். குறைத்துப் போட்டு, ருசி பார்த்துக் கூட்டுவாள். பெரிய கிடாரத்தில் ஆவியாகப் போவது குறைவு என்பதால் சோற்றுக்குத் தண்ணீரையும் குறைப்பாள். கிலோ அரிசி எட்டுப் பேருக்கு. மூன்று கிடாரங்களில் ஒன்றில் மட்டும் சோறு வைத்தாள். வாசலில் சேரும் செருப்புகளைப் பார்த்து அடுத்ததை ஏற்றலாம். முதல் பந்தி எழும்புவதற்குள் வெந்துவிடும்.

அன்னப்பூரணி அண்ணனோடு அடுப்படிக்கு வந்தாள்.

“புதுவீட்டில அடுப்பு வெறுமையாக் கிடக்கக்கூடாதுகா. மூண்டிலயும் சோத்தப் போடு.”

“ஆக்கள் வரட்டும் அம்மா. மிஞ்சினா வீணாப் போயிரும்.”

“நல்ல நாளில அபசகுனமாக் கதைக்காத.”

அரிசியை அன்னப்பூரணியே கொட்டினாள். நல்லரத்தினம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மழை பிடித்தது. முதல் கிடாரத்தை முடிக்கவே ஆளில்லை. மிஞ்சியதைக் கண்ட அன்னப்பூரணி, வந்தவர்கள் முன்னால் சீதேவியின் பையைக் கவிழ்த்துக் கொட்டச் செய்தாள். ஒரு மாற்றுச் சேலை விழுந்தது.

“ஊட்டுக்குக் கொண்டுபோகத்தானே இவ்வளவும் ஆக்கின நீ?”

சீதேவி நல்லரத்தினத்தின் பக்கம் திரும்பினாள். “ஐயா, நீங்களும் நிண்டீங்கதானே.”

“ஆக்க வந்தவளுக்கு அளவு தெரிய வேணும்,” என்றார் அவர். யாரோ சிரித்தார்கள்.

வீட்டைக் கட்டிய கூலியாட்கள் வாசல் படலைக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றார்கள். அவர்களுக்காவது கொடுக்கலாமா என்று சீதேவி கேட்டாள். குடிபுகுந்த நாளில் சோறு படலை தாண்டினால் செல்வமும் தாண்டிவிடுமாம். பின்பக்கத்தால் வாவிக்குள் போனால் தாண்டாதாம். கூலியாட்கள் பார்த்திருக்க, சுடுசோற்றைச் சீதேவியின் கையாலேயே வாவியில் கொட்டச் சொன்னாள் அன்னப்பூரணி.

சீதேவி கொட்டிவிட்டுத் திரும்பியபோது, கல்யாணத்துக்கு வேறு ஆளைப் பார்ப்பதாக நல்லரத்தினம் தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் வருவதைக் கண்டும் குரலைத் தணிக்கவில்லை.

கிடாரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போ என்றாள் அன்னப்பூரணி. சீதேவி குந்தியிருந்து கழுவினாள்.