இஸ்திரி மேசையில் நைலான் வேண்டாம்

எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு தையல் தொழிற்சாலையின் இஸ்திரிப் பகுதியில் வேலை பார்த்தேன். பாலியெஸ்டர் சட்டைகள்தான் அதிகம் வரும். சூடு கொஞ்சம் கூடினாலும் துணியில் பளபளவென்று தடம் விழுந்துவிடும்.

ஒரு வருடம் எங்களுக்குச் சீருடையாக நைலான் மேலங்கி கொடுத்தார்கள். வழவழவென்று, கசங்காமல், பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் வியர்வையை உறிஞ்சாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டது. ஒருநாள் பக்கத்து மேசை அக்காவின் கை இஸ்திரிப் பெட்டியில் பட்டது. அங்கியின் கை உருகி, அவர் தோலில் ஒட்டிக்கொண்டது. அலறியவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

என் அங்கியைக் கழற்றித் தரையில் போட்டேன். மற்ற பெண்களும் கழற்றினார்கள்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "போட்டுக்கிட்டு வேலையப் பாருங்க!"

"நீங்க போட்டுக்கிட்டு இங்க நில்லுங்கண்ணே, நாங்க பாக்குறோம் லா," என்றேன்.

அன்று வீட்டில் ரேயான் துணியில் ஓர் அங்கி தைத்தேன். மெத்தென்று, குளுகுளுவென்று இருந்தது. சூடு பட்டால் கருகும், ஆனால் உருகி ஒட்டாது. மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு போனேன்.

"என்ன இது, கசங்கிக் கெடக்கு?" என்றார் சூப்பர்வைசர்.

"துணிதானே கசங்குது. எங்க தோல் பத்திரமா இருக்கும்."

வீட்டுக்குப் போகச் சொன்னார். நான் போகவில்லை. மற்றவர்களும் இஸ்திரிப் பெட்டியைத் தொடவில்லை. மதியத்துக்குள் சட்டைகள் மலைபோல் குவிந்தன. கடைசியில் மேனேஜரே இறங்கி வந்து, சூப்பர்வைசரிடம் நைலான் அங்கிகளை அள்ளிக்கொண்டு போகச் சொன்னார். அதன் பிறகுதான் பெட்டியைச் சூடாக்கினேன்.