மிஸ்ர சாப்பில் தவறிய மூன்று

பத்து வயதில் நான் ஒரு கச்சேரியைக் கெடுத்தேன். பாடியவரும் கெடுக்கவில்லை, வயலின்காரரும் கெடுக்கவில்லை. முன்வரிசை ஜமக்காளத்தில் புதுப் பாவாடையோடு உட்கார்ந்திருந்த நான்தான் கெடுத்தேன். கெட்டது அம்மாவின் கச்சேரி.

அம்மா மிருதங்கம் வாசிப்பாள். தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்தவள். அண்ணன்களுக்கு நடந்த பாடத்தை அடுப்படியிலிருந்து கேட்டே பிடித்துக்கொண்டவள். அண்ணன்கள் வங்கிக்கும் ரயில்வேக்கும் போய்விட்டார்கள். அவள் மட்டும் மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்தாள். அப்பா பஜாரில் ஒரு மிளகுக் கிடங்கில் எடை பார்ப்பவர். தமிழும் கொங்கணியும் குஜராத்தியும் மலையாளமும் ஒரே குழாயடியில் சண்டை போடுகிற தெரு எங்களுடையது. அங்கே யாரையும் யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. ஆனாலும் அம்மா வாசிக்கத் தொடங்கினால் எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் கட்டாயம் முளைக்கும்.

அந்த வருஷம் அம்மாவுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. அவளுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும். எனக்குச் சொல்லவில்லை. நான் ஓட்டைவாய் என்பது குடும்பத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். நான் சொல்லித் தெரு அறிந்தால், தெரு சொல்லிப் பாடகர்கள் அறிவார்கள். காது கேளாத மிருதங்கத்தை யார் கூப்பிடுவார்கள்? மடியில் கிடக்கும் வாத்தியத்தின் அதிர்வு அவள் எலும்பு வழியாகவே அவளுக்குப் போய்விடும். பாடுகிறவரின் குரல்தான் பாதி வந்தது, பாதி வரவில்லை. அதற்கு முன் இரண்டு கச்சேரிகளில் இடறிவிட்டாள். கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். மிச்சமிருந்தவர் திருப்பூணித்துறை பாகவதர் ஒருவர். அவரும், இந்த நவராத்திரிக் கச்சேரி சரியாகப் போனால் பிறகும் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். போகாவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை.

பாடகரின் தொடையில் விழும் கையைப் பார்த்தே தாளத்தைப் பிடித்துவிடலாமே என்று கேட்பீர்கள். மற்றவர்களிடம் பிடிக்கலாம். இந்தப் பாகவதருக்கு உற்சாகம் வந்துவிட்டால் தாளம் போடுகிற கை தொடையை விட்டுக் கிளம்பிக் காற்றில் கோலம் போடப் போய்விடும். தாளம் அவர் மனதுக்குள் சரியாக ஓடிக்கொண்டிருக்கும். வெளியே தெரியாது. ஆகவே எதிரே ஒரு கை வேண்டியிருந்தது. முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் போடுகிறவர்கள் எந்தச் சபையிலும் உண்டு. அதில் ஒரு சிறுமியின் கையை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

இதெல்லாம் இப்போது நான் சேர்த்துச் சொல்வது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், பாட்டு வகுப்பில் இரண்டு வருஷமாக ஆதி தாளம் போட்டுப் போட்டு என் கை பெரிய கையாகிவிட்டது, அதனால்தான் அம்மா என்னை முன்வரிசையில் உட்காரச் சொல்கிறாள் என்பதுதான். பெருமையில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஆதியில் எனக்குப் பயமில்லை. ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு. நடந்து பழகிய தெரு மாதிரி, எங்கே நின்றாலும் வீடு எத்தனை அடி என்று தெரியும். ரூபகமும் பரவாயில்லை. தட்டு, தட்டு, வீச்சு என்று மூன்றே அசைவு, ஒவ்வொன்றுக்குள்ளும் தகதிமி என்று நான்கு. ஆனால் ஆதியில் பழகிய உடம்பு நான்காவது அசைவுக்குக் காலை நீட்டும்போது, ரூபகம் அதற்குள் திரும்பி முதல் தட்டுக்கு வந்திருக்கும். உட்காரலாம் என்று நினைப்பதற்குள் எழுப்பிவிடுகிற தாளம்.

கண்ட சாப்பு ஐந்து. தக தகிட. தக-வுக்கு ஒரு தட்டு. தகிட-வில் முதல் எழுத்துக்கு ஒன்று, உடனே அடுத்த எழுத்துக்கு ஒன்று, கடைசி எழுத்து சும்மா. கொஞ்சம் நொண்டும், ஆனால் சுறுசுறுப்பான நொண்டல். அதையும் பிடித்துவிட்டேன். மிஸ்ர சாப்புதான் என்னை அழவைத்தது. ஏழு. தகிட என்று மூன்று முதலில், தகதிமி என்று நான்கு பிறகு. மூன்றுக்குப் புறங்கையால் ஒரு தட்டு. நான்குக்கு உள்ளங்கையால் தக-வுக்கு ஒன்று, திமி-க்கு ஒன்று. மூன்று நம்மைக் காக்கவைக்கும், நான்கு நடக்கவிடும். சுற்றிச் சுற்றிப் போட்டால் மூன்று நான்கு மூன்று நான்கு என்று ஓடும்போது, எது முதல் எது பின் என்பதே மயங்கிவிடும்.

அம்மா சொன்னாள்: "ஆதியில தொலஞ்சு போனா விரல் சொல்லும், எங்க நிக்கறோம்னு. சாப்புல சொல்றதுக்கு ஆள் கிடையாது. நீயாத்தான் புடிச்சுக்கணும்."

கிளம்பும்போது அப்பாவும் ஒரு தடவை சொன்னார்: "மோளே, சாயா கொடுத்தாலும் வாங்காதே. என்ன வந்தாலும் கைய நிறுத்தாதே."

கச்சேரி பிற்பகல் மூன்று மணிக்கு, கோயில் மண்டபத்தில். பாகவதருக்கு வலப்பக்கம் அம்மா, இடப்பக்கம் வயலின். அம்மா பார்வைக்கு நேரே படும்படி வயலின் பக்கத்து மூலையில் என்னை உட்கார வைத்தார் அப்பா. வர்ணம் ஆதி. என் விரல்கள் மடங்கி மடங்கி நிமிர்ந்தன. அடுத்து ரூபகத்தில் ஒன்று, கண்ட சாப்பில் ஒன்று. இரண்டும் நன்றாகப் போயின. கண்ட சாப்பில் அம்மா ஒரு தீர்மானத்தை, அதாவது முடிப்புக்கான சொற்கோவையை, மூன்று முறை அடுக்கி என் முதல் தட்டில் கொண்டுவந்து போட்டபோது சபை தலையாட்டியது. பாகவதர் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அதைவிட எனக்குப் பெரிதாக இருந்தது வேறொன்று. அம்மா கண் எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் நான் பேசினால் பாதி நேரம் அவள் திரும்புவதே இல்லை. மிருதங்கம் என்றால்தான் உயிர், நான் ஒரு தொந்தரவு என்று எனக்கு ஒரு தீராத குறை இருந்தது. இங்கே ஊர் பார்க்க, ஒரு மணி நேரமாக, என் கையையும் முகத்தையும் தவிர அவள் வேறெதையும் பார்க்கவில்லை. அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல.

பிரதானமான கிருதி மிஸ்ர சாப்பு. பாகவதரின் கை தொடையில் இருந்தவரை நான் அதைப் பார்த்துச் சரியாகவே போட்டேன். அனுபல்லவி தாண்டி, சரணத்தில் ஒரு வரியை எடுத்து நிரவல் தொடங்கினார். ஒரே வரியை விதவிதமாகத் திருப்பித் திருப்பிப் பாடுவது. அந்த வரி தாளத்தின் முதல் எண்ணில் தொடங்காது. தகிட என்ற மூன்றை விட்டுவிட்டு நான்காவது எண்ணில் எடுக்கும். இரண்டு சுற்று போனதும் அவர் கை கிளம்பிக் காற்றுக்குப் போய்விட்டது. நான் தனியானேன்.

சொல் எங்கே விழுகிறதோ அதுதான் ஒன்று என்று காது சொன்னது. இல்லை, அது நான்கு என்று புத்தி சொன்னது. ஐந்தாறு சுற்று புத்தி ஜெயித்தது. பிறகு எப்போது என்று தெரியவில்லை, அவர் வரியை எடுத்த இடத்தில் என் புறங்கை விழுந்திருந்தது. அவருடைய நான்கு எனக்கு ஒன்றாகிவிட்டது. மூன்று எண்ணிக்கை தள்ளிப்போய் நான் வெகு உறுதியாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா என் கையை நம்பினாள். தான் விட்டுவிட்டோம் என்று நினைத்திருப்பாள். ஒரே சுற்றில் சமாளித்து என் பக்கம் வந்துவிட்டாள். அவர் நடக்கிற இடத்தில் அவள் காத்திருந்தாள், அவர் காத்திருக்கிற இடத்தில் நடந்தாள். வயலின்காரர் நிமிர்ந்தார். பாகவதர் கையைக் கீழே இறக்கிப் பலமாகத் தொடையில் தட்டிக் காட்டினார். அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் கையும் என் கையும் வேறு வேறாக விழுந்தன. தப்பு என்னுடையது.

நான் மாற்றவில்லை. மாற்ற வேண்டுமானால் ஒரு தரம் கையை நிறுத்த வேண்டும். நிறுத்தாதே என்று அப்பா சொல்லியிருந்தார். அது ஒரு காரணம். கையை நிறுத்தினால் அம்மாவின் கண் என்னை விட்டுப் போய்விடும். அது இன்னொரு காரணம், பெரிய காரணம். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அம்மா அழகான ஒரு தீர்மானத்தை மூன்று முறை அடுக்கினாள். என் கணக்கில் அது மிகச் சரியாக வந்து விழுந்தது. பாட்டில் அது வரியின் கழுத்தில் போய் விழுந்தது. சபையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். "மதி, மதி," என்றார் பாகவதர், மலையாளத்தில். போதும் என்று. அது அவளுக்குக் கேட்கவில்லை. அவர் கை நீட்டி மிருதங்கத்தின் வலந்தலைத் தோல்மேல் உள்ளங்கையை வைத்தார்.

வரியை அவரே முடித்தார். அதற்குப் பிறகு மிருதங்கத்துக்குத் தனி விடுவது வழக்கம். மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள, அவள் மட்டும் வாசிக்க வேண்டிய நேரம். அம்மா அப்போதும் எதிர்பார்த்தாள். முந்தானையில் உள்ளங்கைகளைத் துடைத்துக்கொண்டு, மிருதங்கத்தைச் சற்று நகர்த்தி வைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாகவதர் அவளைப் பார்க்காமல் மங்களம் பாடத் தொடங்கிவிட்டார். எல்லோரும் எழுந்திருக்க ஆயத்தமானதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. அதன் பிறகு அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளும் யாரிடமும் கேட்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா மிருதங்கத்தோடு முன்னால் நின்றார். அம்மா ஜன்னலோரம், நான் பக்கத்தில். தோப்பும்படிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. வாய் ஓயாத எனக்கு அன்று ஒரு வாக்கியம் கிளம்ப அரை மணி நேரம் ஆயிற்று.

"அம்மா, நான்தான் தப்பாப் போட்டேன். தெரிஞ்சும் மாத்தல."

அவள் படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி சொன்னேன். மூன்றாம் முறை அழுகையோடு சொன்னேன். என் தோள் குலுங்கி அவள்மேல் இடித்ததில்தான் திரும்பினாள். என் முகத்தைத் துடைத்தாள்.

"தூக்கம் வருதா? இதோ வீடு வந்துரும்," என்றாள்.

வீட்டில் அப்பா கதவைச் சாத்திவிட்டு அவள் முகத்துக்கு நேரே வந்து மெதுவாகக் கேட்டார், என்ன ஆச்சு என்று. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு அடிக்குக் காத்திருந்தேன்.

"கொழந்தை சரியாத்தான் போட்டா," என்றாள் அம்மா. "என் கைதான் போச்சு. இனிமே எனக்கு வாசிக்க வராது."

நான் மூன்று முறை ஒப்புக்கொண்ட பிறகும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறாள் என்று நினைத்தேன். என் அம்மாவைப் போல் யாரும் இல்லை என்று நினைத்தேன். அவள் அதை நம்பியே சொன்னாள் என்பது தெரியாமல், அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.