அக்காவின் இடப் பக்கம்

காந்திபுரத்தில் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு சந்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். எங்கள் தொழிலில் யாரும் வெளியே சொல்லாத ஒரு வழக்கம் உண்டு. பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கேட்டு வருகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே கம்ப்யூட்டரில் அவர் நிறத்தை ஒரு படி ஏற்றுவோம், கண்ணுக்குக் கீழே இருக்கும் கருப்பை எடுப்போம், தழும்பைத் துடைப்போம். வாங்குகிறவரும் ஏன் என்று கேட்டதில்லை. பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார். அதை நான் சேவை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா காரமடையில் இருக்கிறார். ஐந்தாறு வருடங்களுக்கு முன் ஒரு காலையில் எழுந்தபோது முகத்தின் இடப் பாதி அசையவில்லை. முகவாதம் என்றார்கள். மருந்து, மின்சார வைத்தியம், எண்ணெய் எல்லாம் பார்த்தும் பாதிதான் திரும்பியது. இடக் கண் கொஞ்சம் சிறுத்து, உதட்டோரம் கீழே இறங்கி நின்றுவிட்டது. அதன்பிறகு யாராவது பேச வந்தால் சேலைத் தலைப்பு தானாக வாய்க்குப் போகும். என் மகள் கல்யாணத்தில் போட்டோ எடுத்தது நான்தான். ஒவ்வொரு குரூப்பிலும் அக்காவை ஓரத்தில், வலக் கன்னம் தெரியும்படி திருப்பி நிறுத்தினேன். அதையும் சேவை என்றுதான் நினைத்தேன்.

வெளிநாட்டில் இருக்கும் அக்கா மகளுக்குத் தலைப்பிரசவம். மாப்பிள்ளைக்கு ஷிப்ட் வேலை, அங்கே துணைக்கு வேறு ஆள் இல்லை. "அம்மா, நீ பக்கத்துல இருந்தாப் போதும்" என்று அவள் தினமும் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா அதற்காகவே முந்தின வருடம் பாஸ்போர்ட் எடுத்திருந்தார். அதில் இருந்த படம் பாஸ்போர்ட் ஆபீஸ் கவுன்டரில் எடுத்தது, ஒளிவுமறைவு இல்லாதது. அந்தப் பக்கத்தை அவர் திறந்தே பார்க்கமாட்டார். இனி விசாவுக்கு ஒரு போட்டோ வேண்டும்.

"கண்ணு, எம்பட மூஞ்சி கோணலா உழுகாம எடுத்துப்போடு" என்றார்.

முதலில் என் பழைய வித்தையைக் காட்டினேன். வலப் பக்கம் மட்டும் ஒரு விளக்கு, தலை லேசாகத் திருப்பி, மெல்லிய சிரிப்பு. இடப் பாதி நிழலில் மறைந்தது. விசா விண்ணப்ப இணையதளத்தில் ஏற்றிய வேகத்தில் அது திருப்பி அனுப்பியது: முகம் நேராக இல்லை, முகத்தில் நிழல் விழுகிறது, வாய் இயல்பாக இல்லை. மெஷினுக்கு என்ன தெரியும் என்று திட்டினேன்.

மறுபடி எடுத்தேன். இரண்டு பக்கமும் சமமாக வெளிச்சம், பின்னால் வெள்ளைத் திரை, கண்ணாடியைக் கழற்றி, நேராகப் பார்த்து, வாயை மூடி, சிரிக்காமல். விதிப்படி அச்சாக அமைந்த படம். அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் திரையில் அந்த உதட்டோரத்தைப் பார்த்ததும் எனக்குக் கை நிற்கவில்லை. வலப் பாதியை வெட்டி, புரட்டி, இடப் பக்கம் ஒட்டினேன். வலக் கன்னத்து மச்சம் இரண்டாகிவிட்டது, ஒன்றைத் துடைத்தேன். இணையதளம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

பிரின்டைக் கையில் வாங்கிய அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பழைய மாதிரியே இருக்கறனுங்களா?" என்று தம்பியான எனக்கே 'ங்க' போட்டுக் கேட்டார்.

அடுத்த வாரம் விசா விண்ணப்பம் வாங்கும் அலுவலகத்தில் கைரேகை எடுத்தார்கள், அங்கேயே முகத்தையும் படம் பிடித்தார்கள். சில வாரம் கழித்துக் கடிதம் வந்தது. கொடுத்த புகைப்படம் விண்ணப்பதாரரின் முகத்தோடு பொருந்தவில்லை, விசா மறுக்கப்படுகிறது, புதிதாக விண்ணப்பிக்கலாம். பக்கத்து வீட்டுப் பையன் படித்துச் சொல்ல, அக்கா எனக்குப் போன் செய்தார்.

"எம்பட மூஞ்சியப் பாத்துட்டு வேண்டாம்னுட்டாங்க கண்ணு. வாதம் வந்த மூஞ்சிய மெஷினுக்குப் புடிக்கலியாட்ட இருக்குது."

இல்லை அக்கா, நான் செய்த வேலை அது, என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "அப்படியெல்லாம் இருக்காதுங்கக்கா, விசாரிக்கறேன்" என்று வைத்துவிட்டேன். நான்கு நாள் அவரை அந்த நினைப்பிலேயே விட்டேன். என் வாழ்க்கையில் செய்த கேவலங்களில் இதற்குத்தான் முதலிடம்.

ஐந்தாம் நாள் அந்த அலுவலகத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் கடிதத்தையும் படத்தையும் பார்த்தாள்.

"சார், இந்தப் போட்டோவுல கை வெச்சிருக்கீங்களா?"

"லேசா டச் அப்ங்க."

"லேசா இல்லீங்க சார். கம்ப்யூட்டர் முதல்ல கண்ணு, மூக்கு, வாயோரம் எங்கெங்க இருக்குதுன்னு பாக்கும். அப்பறம் மொத்த முகத்தையும் நம்பர் வரிசையா மாத்தி, பாஸ்போர்ட்டுல இருக்கறதோடவும் இங்க எடுத்ததோடவும் ஒப்பிடும். வித்தியாசம் ஒரு அளவத் தாண்டுச்சுன்னா வேற ஆளுன்னு சொல்லிப்போடும். தலை திரும்புனா இந்த இடமெல்லாம் தள்ளிப்போகும். நிழல் உழுந்தா, அதோட விளிம்பும் முகத்துல ஒரு கோடாட்டத் தெரியும். சிரிப்பு ஆளுக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வரும், சும்மா இருக்கற முகம்தான் எப்பவும் ஒரே மாதிரி வரும். அதுக்குத்தான் சார் இத்தன ரூல்."

"வாதம் வந்த முகம்ங்க. அதனால பிரச்சனை இல்லீங்களா?"

"அதுல என்ன சார்? அவங்களுக்கு அதுதான சும்மா இருக்கற முகம்? பாஸ்போர்ட்டுலயும் அதே, இங்க எடுத்ததுலயும் அதே. நீங்க குடுத்த படம்தான் தனியா நிக்குது."

முப்பது வருடம் கேமரா பிடித்தவனுக்கு, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காத பெண் சொல்லிக்கொடுத்தாள். நன்றி என்றுகூடச் சொல்லாமல் எழுந்து வந்தேன்.

அன்று மாலையே அக்காவை ஸ்டுடியோவுக்கு வரச் சொன்னேன். ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டே கேட்டார்.

"அப்ப எம்பட மூஞ்சில தப்பில்லியா?"

"இல்லீங்கக்கா."

"நாலு நாளு நான் கண்ணாடி பாக்கலடா" என்றார். பிறகு தலைப்பை வாயிலிருந்து எடுத்து, நேராக நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார். அந்தப் படத்தில் நான் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை.

இந்த முறை விசா வந்தது. ஆனால் நாங்கள் புதிதாக விண்ணப்பித்துக் காத்திருந்த நாட்களுக்குள் அங்கே அக்கா மகளுக்கு முன்கூட்டியே வலி எடுத்து, வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்து சேரும்வரை அவள் தனியாகக் கிடந்திருக்கிறாள். மயக்க ஊசி போடும்வரை அம்மா, அம்மா என்றே கத்தினாளாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. என்னோடு அவள் இன்றுவரை பேசவில்லை. அக்காதான் சொன்னார், குரலை உயர்த்தாமல்.

கிளம்புகிற அன்று ஏர்போர்ட் போகும் வழியில் காரை ஸ்டுடியோ வாசலில் நிறுத்தச் சொன்னார். பையிலிருந்து ஒரு கவரை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். உள்ளே அந்த ஒட்டுப்போட்ட படம், எட்டுப் பிரதியும் அப்படியே இருந்தன.

"கல்யாண ஆல்பத்துலயும் என்னய ஒரு பக்கமாத்தான் நிக்கவெச்ச. அப்பவே தெரியும், ஒண்ணும் சொல்லல" என்றார். "இவள நீயே வெச்சுக்கோ கண்ணு. உனக்குத்தான் இவ வேணும். நான் போயிட்டு வாரேன்."