என் மகளின் ராஜினாமாவுக்கு நான் சொன்ன பதில்

என் மகள் திண்டிவனத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐந்து வருடம் டயாலிசிஸ் டெக்னீஷியனாக இருந்தாள். சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்தில் இரண்டு மூன்று முறை வந்து, நான்கு மணி நேரம் படுத்து, இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார்கள். ஒவ்வொரு முறையும் கையில் இரண்டு தடித்த ஊசிகள் ஏற்ற வேண்டும். அதை அவள் ஏற்றினால் வலி தெரியாது என்று நோயாளிகள் சொல்வார்கள். அவள் விடுப்பில் இருந்தால், நாளைக்கு வர்றோம் என்று எழுந்து போய்விடுகிறவர்களும் உண்டு.

விழுப்புரத்தில் ஒரு பெரிய மருத்துவமனை புதிதாக டயாலிசிஸ் பிரிவு தொடங்கியது. அதற்குப் பொறுப்பாளராக, அவர்கள் பாஷையில் இன்சார்ஜாக, என் மகளைத் தேர்ந்தெடுத்தார்கள். கடிதம் வந்தது. வருகிறேன் என்று கையெழுத்திட்டு அனுப்பிவிட்டு, இங்கே ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தாள். ஒன்றாம் தேதி கொடுத்தாள். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி அங்கே சேர வேண்டும்.

எனக்குச் சந்தோஷம் என்று எல்லோரிடமும் சொன்னேன். முழுச் சந்தோஷம் இல்லை. டயாலிசிஸில் முதல் ஷிப்ட் காலை ஆறு மணிக்கு. ஐந்து மணிக்கு முன்னால் பஸ் ஏற வேண்டும். விக்கிரவாண்டி தாண்டி அந்த நெடுஞ்சாலையில் லாரிகள் போகிற போக்கு எனக்குத் தெரியும். ஓர் அரசு உதவி பெறும் பள்ளியின் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவன் நான். இருக்கிற இடத்தை விட்டு ஒருவர் கிளம்புவதை எனக்குப் பார்க்கவே பதற்றமாக இருக்கும்.

நோட்டீஸ் கொடுத்து இரண்டு வாரம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மேலாளர் மட்டும், செஞ்சிப் பக்கம் ஒரு பையன் இருக்கான், ஒன்றாம் தேதி வந்துடுவான் என்றாராம். பதினைந்தாம் தேதி ஒரு புதன்கிழமை டாக்டர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மருத்துவமனையின் உரிமையாளர் அவர்தான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். "அங்க குடுக்கிற சம்பளத்தையே இங்க தர்றேங்கிறாருப்பா. இன்சார்ஜ்னு போர்டும் போட்டுடலாமாம்."

"பாத்தியா. இன்னா சொன்ன நீ?"

"எழுத்துல குடுங்க சார், சனிக்கிழமை சொல்றேன்னு சொன்னேன்."

"டாக்டர்கிட்டயே எழுத்துல கேட்டியா?"

"ஆமா. வாயால சொன்னா ஆறு மாசம் கழிச்சு யாருக்கு ஞாபகம் இருக்கும்?"

காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி சிரித்தாள். "கல்யாணத்துக்கு முன்னால நானும் உங்கப்பாகிட்ட எழுதி வாங்கியிருக்கணும்."

சாப்பிட்டுவிட்டு மகள் ஒரு பழைய நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். இங்கிருந்து ஏன் போகிறேன் என்று எழுதியிருந்தாள். ஷிப்டுக்கு நான் ஒருத்தியே. லீவு கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். இன்னொரு டெக்னீஷியன் போடுகிறேன் என்று இரண்டு வருடமாகச் சொல்கிறார்கள். கற்றுக்கொள்ள இனி இங்கே ஒன்றும் இல்லை. இவ்வளவுதான். அதில் சம்பளம் என்ற வார்த்தையே இல்லை. அதைப் படித்தபோது இது எனக்குத் தோன்றவில்லை. டாக்டர் தருவதாகச் சொன்ன இரண்டும் அந்தப் பட்டியலில் எந்த வரிக்கும் பதில் இல்லை என்பது பிறகு புரிந்தது. அவளுக்கு அன்றே புரிந்திருக்கிறது.

வியாழன் எந்தக் கடிதமும் வரவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் நான் பள்ளியில் சோற்றுடப்பாவைத் திறக்கும்போது கைபேசி அடித்தது. டாக்டர்.

அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எழுந்து நின்றுகொண்டேன்.

"சார், நல்லா இருக்கீங்களா? பொண்ணப் பத்தித்தான் பேசணும். எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி வச்சிருந்தோம்."

"தெரியும் சார். நீங்க குடுத்த வேலைதான் சார்."

"அதுக்கு வயசு கம்மி. வெளியூர்ல அலையணுமா? விடியக்காலம் பஸ்ஸுக்கு நிக்கணுமா? நீங்க யோசிங்க. இங்க பேஷண்டெல்லாம் அழுவாத குறையா கேட்டுக்கினு இருக்காங்க. நீங்க சொன்னா கேக்கும்."

விடியற்காலை பஸ் என்று அவர் சொன்னதும் நான் கரைந்துவிட்டேன். என் பயத்தை என்னைவிடப் பெரியவர் ஒருவர் வாய்விட்டுச் சொல்கிறார். நியாயமான பயம்தான் என்று முத்திரை குத்தியதுபோல் இருந்தது.

"அவ இங்கயே இருப்பா சார். நான் பேசிக்கிறேன். நான் பொறுப்பு" என்றேன்.

"போதும் சார். உங்க வார்த்தை போதும்."

வீட்டுக்கு வந்து மகளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சனிக்கிழமை காலை பக்குவமாக ஆரம்பிக்கலாம் என்று நினைத்தேன். சனிக்கிழமை நான் எழுந்தபோது அவள் முதல் ஷிப்டுக்குப் போய்விட்டிருந்தாள். பையில் ஒரு கடிதம் எடுத்துப்போயிருந்தாள். நீங்கள் தர முன்வந்ததற்கு நன்றி, நான் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வேலைக்குப் போகிறேன், மாதக் கடைசி வரை இருந்து புதியவருக்கு எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிட்டுப் போவேன் என்று நான்கு வரி.

அந்தக் கடிதத்தை அவளால் பையிலிருந்து எடுக்கவே முடியவில்லை. உள்ளே நுழைந்ததும் மேலாளர் ஸ்வீட் பெட்டியை நீட்டினாராம். "இன்னாம்மா இன்சார்ஜ் மேடம், அப்பா நேத்தே சொல்லிட்டாராமே." அடுத்த மாத ஷிப்ட் அட்டவணை சுவரில் ஒட்டியாகிவிட்டது, அவள் பெயர் மேலே. செஞ்சிப் பையனுக்கு வெள்ளிக்கிழமை மாலையே போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் ராஜினாமாவுக்கு மின்னஞ்சலில் ஒரு பதிலும் வந்திருந்தது: தங்கள் தந்தையாருடன் பேசியபடி, தங்கள் ராஜினாமா திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படுகிறது.

மதியம் வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"நீ எதுக்குப்பா பேசின?"

"அவரா போன் பண்ணாரும்மா."

"பண்ணட்டும். அவகிட்ட கேட்டுக்கங்க சார்னு ஒரு வார்த்தை சொன்னா ஆச்சு."

"பெரிய மனுஷன் கேக்கும்போது எப்பிடிம்மா…"

"நான் எழுதிக் குடுத்த ராஜினாமாவ நான்தான் வாபஸ் வாங்க முடியும். அது அவங்களுக்கும் தெரியும். தெரிஞ்சுதான் உன்னப் புடிச்சாங்க."

அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி ஆறியிருப்பேன். அவள் உள்ளே போய், நான் ராஜினாமாவைத் திரும்பப் பெறவில்லை, அது அப்படியே இருக்கிறது என்று மேலாளருக்கும் டாக்டருக்கும் மின்னஞ்சல் அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் தண்ணீர் குடித்தாள்.

திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு போட்டு அவளோடு டாக்டரைப் பார்க்கப் போனேன். நான் கெடுத்ததை நானே சரிசெய்கிறேன் என்று சொல்லியிருந்தேன். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

டாக்டர் கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார். காபி வரவழைத்தார்.

"சார், தப்பு என்னுதுதான். அவகிட்ட கேக்காம சொல்லிட்டேன்" என்றேன்.

"சார், உங்க வார்த்தைய நம்பித்தான் அந்தப் பையன வேணாம்னேன். இப்போ திரும்பக் கேட்டா பாண்டிச்சேரில சேந்துட்டேங்கிறான். அடுத்த மாசம் மிஷின யாரு பாப்பாங்க? நீங்களே சொல்லுங்க."

மகளைப் பார்த்தேன். அவள் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முப்பதாம் தேதியோட என் நோட்டீஸ் முடியுது சார். ரிலீவிங் லெட்டரும் எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிபிகேட்டும் வேணும். அங்க ரெண்டையும் கேக்கறாங்க."

"தர்றேம்மா. ஆள் வந்ததும் தர்றேன். பேஷண்ட்ட அம்போன்னு விட்டுட்டு போவியா நீ?"

அந்தக் கடைசி வாக்கியம் அவளை எங்கே தைக்கும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். கதவுக்கு வெளியே இரண்டு பேர் டயாலிசிஸுக்கு எடை பார்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க எழுத்துல தர்றேன்னு சொன்ன லெட்டர் வரவே இல்ல சார்" என்றாள்.

டாக்டர் புன்னகைத்தார். "அப்பா சொன்னப்பறம் லெட்டர் எதுக்கும்மான்னு விட்டுட்டேன்."

வெளியே வந்து அவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்து விழுப்புரத்துக்கு எழுதினாள். இங்கே மாற்று ஆள் கிடைக்கத் தாமதமாகிறது, பதினைந்து நாள் அவகாசம் தர முடியுமா என்று. காரணத்தில் என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் பக்கத்தில் நின்றுகொண்டு, அவர்கள் நம்பரைக் கொடு, நான் பேசுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் தலையைத் தூக்கிப் பார்த்த பார்வையில் அடக்கிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. மரியாதையான பதில்தான். ஒன்றாம் தேதி பிரிவு திறக்கிறது, அன்று பொறுப்பாளர் இருந்தே ஆக வேண்டும். நேர்காணலில் அடுத்த இடத்தில் இருந்தவரை அந்தப் பொறுப்புக்கு எடுத்துக்கொள்கிறோம். உங்களுக்கு டெக்னீஷியன் இடம் ஒன்றைப் பதினாறாம் தேதி வரை வைத்திருக்கிறோம், விருப்பமா?

என் மனைவி அதைக் கேட்டுவிட்டு மகளிடம், "அப்போ இங்கயே இருந்துடேன். இங்கயாவது இன்சார்ஜ்" என்றாள்.

"இங்க இன்சார்ஜ்னா யாருக்கும்மா இன்சார்ஜ்? எனக்கே நான்தான்."

அவள் சம்மதம் என்று விழுப்புரத்துக்கு எழுதினாள். இங்கே பதினைந்து நாள் கூடுதலாக வேலை பார்த்தாள். கடைசி வாரத்தில் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். ஒவ்வொரு நோயாளிக்கும் எந்தக் கையில், எந்த இடத்தில் ஊசி இறங்கும் என்று பக்கம் பக்கமாக எழுதி அவளிடம் கொடுத்தாள் என் மகள். அதன் பிறகுதான் டாக்டர் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். நன்றாகவே எழுதியிருந்தார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர் தன் மருத்துவமனைக்கு வேண்டியதைச் செய்தார். என் மகளுக்கு வேண்டியதைச் செய்ய வேண்டியவன் நான்தான்.

பதினைந்தாம் தேதி சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து, புது மருத்துவமனையில் கொடுக்க வேண்டிய படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். பெயர், முகவரி, இரத்த வகை. நான் எதிரே செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு படிக்காமல் இருந்தேன்.

"அம்மா, உன் நம்பர் சொல்லு" என்றாள்.

"எதுக்குடி?"

"வீட்ல யாருக்குப் பேசணும்னா எந்த நம்பர்னு கேட்டிருக்காங்க."

பழைய வேலையில் அந்தக் கட்டத்தில் என் எண் இருந்தது. டாக்டர் அங்கிருந்துதான் எடுத்திருப்பார்.

"என் நம்பர் எனக்கு எங்க தெரியும்? உங்கப்பாவக் கேளு" என்றாள் மனைவி.

மகள் பேனாவைப் படிவத்தில் வைத்தபடி காத்திருந்தாள். நான் என் மனைவியின் எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். ஒரு இலக்கம் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, மறுபடி சொல்லச் சொன்னாள். மறுபடி சொன்னேன்.