ஆறு எட்டாகத் தெரிந்த பேனர்

என் அக்கா காணாமல் போனது ஒரு திங்கட்கிழமை. பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டிலிருந்து காய்கறிக் கடைக்கு நூறு அடிகூட இருக்காது. காலை ஒன்பது மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு போனவள் பத்தேகாலுக்கும் வரவில்லை. கடைக்காரரைக் கேட்டேன். அன்று அவள் கடைப்பக்கமே வரவில்லை என்றார்.

அவளுக்கு எழுபத்து நான்கு வயது. இரண்டு வருடமாக ஞாபகம் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸ் தொழிற்சாலையில் இருபது வருடம் சூப்பர்வைசராக இருந்தவள். சில காலைகளில் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பைத் தேடுவாள். அதைக்கூடச் சமாளித்துவிடலாம். காலையிலும் இரவிலும் அவளுக்கு இன்சுலின் போட வேண்டும். அன்றைய காலை ஊசி போட்டாகிவிட்டது. இரவு ஊசி வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்தது. ஊசியில்லாமல் மூன்று நாள் போகவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் டாக்டர் ஒருமுறை நிதானமாக விளக்கியிருந்தார். அந்த நிதானம்தான் அன்று முழுக்க என் காதில் கேட்டது.

நடைமுறைகள் எனக்குத் தெரியும். விளம்பரப் பலகைகளுக்கு அனுமதி தருகிற, பெரும்பாலும் தராமலிருக்கிற, ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். பதினொரு மணிக்குக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். அடையாளங்களை அவர்கள் கேட்கும் வரிசையிலேயே எழுதிக் கொடுத்ததைப் பார்த்து எழுத்தர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பன்னிரண்டு மணிக்கு ஃப்ளெக்ஸ் அச்சடிக்கும் கடையில் இருந்தேன். தெருவில் ஃப்ளெக்ஸ் பேனர் கட்டக்கூடாது என்று கோப்புகளில் நான் எழுதிய குறிப்புகளை அடுக்கினால் ஒரு ஆள் உயரம் வரும். பயம் வந்தபோது அதில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

கடையை நடத்துகிறவர் நாற்பது வயதுப் பெண்மணி. கல்யாணம், கோவில் திருவிழா, பிறந்தநாள், தலைவர்களுக்கு வாழ்த்து, எல்லாம் அவர் கையால்தான். என் முகத்தைப் பார்த்ததும் மற்ற வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்.

"அழாதீங்க சார். அரை அவர்ல ரெடி பண்றேன். கன்னடம், தமிழ், இங்கிலீஷ் மூணும் போட்டுடலாம்."

நான் அழவில்லை. அப்படித் தெரிந்திருக்கிறது.

கணினியில் கைவசம் இருந்த ஒரு மாதிரி வடிவமைப்பை எடுத்தார். ஊதாவிலிருந்து சிவப்புக்கு இறங்கும் பின்னணி. அதில் அக்காவின் படத்தை வைத்தார். கீழே என் கைபேசி எண், மஞ்சளில்.

"நம்பர் தனியாத் தெரியணும்மா. அதுதான் முக்கியம்" என்றேன்.

"தெரியும் சார். அவுட்லைன் போடுறேன் பாருங்க." சிவப்பில் ஒரு கோடு எண்களைச் சுற்றி வந்தது.

"இன்னும் கொஞ்சம் தடியா."

கோடு தடித்தது. அதற்கு வெளியே வெள்ளையில் இன்னொன்று. பிறகு கருப்பு நிழல், வலதுபக்கம் கீழாகச் சாய்ந்து. கடைசியில் எல்லாவற்றையும் சுற்றி ஒரு வெளிச்சம். அதற்கு அவர்கள் க்ளோ என்று பேர் வைத்திருக்கிறார்கள். திரையில் எண்கள் திருவிழா விளக்குபோல எரிந்தன.

"எப்டி சார், தூக்கலா இருக்கா?"

"இருக்கு" என்றேன். அதுதான் என் வாழ்க்கையில் நான் கொடுத்த ஆக மோசமான அனுமதி.

சரிபார்ப்பதில் எனக்கு நிகரில்லை என்று அலுவலகத்தில் பேர். அன்றும் அப்படித்தான் சரிபார்த்தேன். பெயர், வயது, உயரம், பச்சைப் புடவை, புகார் எண், காவல் நிலையத்தின் பெயர். என் கைபேசி எண்ணின் ஒவ்வொரு இலக்கத்தையும் விரல் வைத்து மூன்றுமுறை படித்தேன். ஒன்றரை அடி தூரத்தில், பெரிதாக்கிய திரையில், எனக்கு மனப்பாடமான எண்ணை. அப்படிப் படித்தால் சேற்றில் எழுதியிருந்தாலும் சரியாகத்தான் இருக்கும்.

பன்னிரண்டு பேனர்கள். அல்சூரில் ஐந்து, பொம்மனஹள்ளியில் நான்கு, ஆனேக்கலில் மூன்று. ஆனேக்கலில் அக்காவின் பழைய தோழி ஒருத்தி இருந்தாள். செத்து ஆறு வருடமாகிறது, ஆனால் அக்காவுக்கு அது ஞாபகம் இருக்குமா என்பது வேறு விஷயம். செவ்வாய் காலை பத்து மணிக்குள் எல்லாம் கட்டியாயிற்று. கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மணி அடிக்கவில்லை.

ஒரு முறைகூட அடிக்கவில்லை என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். வேண்டாத அழைப்புகள்கூட வரவில்லை. யாரும் பார்க்கவில்லையா, பார்த்தும் யாருக்கும் அக்கறையில்லையா, அல்லது பார்ப்பதற்கு அவள் எங்கும் இல்லையா? மதியம் மூன்று மணிக்கு என் கைபேசியே கெட்டுவிட்டதென்று நினைத்து, பக்கத்து வீட்டிலிருந்து எனக்கு நானே அழைத்துப் பார்த்தேன். அடித்தது. இரவு ஊசி நேரம் வந்து போனது. அது இரண்டாவது இரவு. ஃப்ரிட்ஜைத் திறக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

புதன் காலை பத்து மணிக்கு ஒரு ஆட்டோக்காரர் பேசினார்.

"சார், அக்கா காணோம்னு பேனர் கட்னது நீங்கதானே?"

"ஆமாம். பார்த்தீங்களா? எங்கே இருக்காங்க?"

"இருங்க சார், நான் பாக்கல. நேத்துலேர்ந்து உங்க போன் எல்லாம் எனக்கு வருது. 'பாட்டி இங்க இருக்கு, பாட்டி இங்க இருக்கு'ன்னு. இன்னாடா இது, யாரோ கலாய்க்கிறானுங்கன்னு ரெண்டு பேரைத் திட்டி வெச்சுட்டேன். இப்ப ஒரு லேடி போன் பண்ணி என்னைத் திட்டுச்சு. 'பேனர் கட்டத் தெரியுது, பெத்தவளைக் கூட்டிட்டுப் போகத் தெரியலியா'ன்னு."

"என் எண்ணில் தப்பு இல்லையே. நான் மூணு தடவை..."

"தப்பு இல்ல சார். நான் இப்ப பொம்மனஹள்ளில உங்க பேனருக்குக் கீழதான் நிக்கிறேன். கிட்ட வந்தா ஆறு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனா எட்டு. எட்டு போட்டா என் நம்பர் சார் அது."

அவரைத் திட்டிய பெண்மணி எங்கிருந்து பேசினார் என்று கேட்டேன். ஆனேக்கல் பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடை. ஆட்டோக்காரர் கைபேசியில் பதிவாகியிருந்த அந்த எண்ணை வாங்கி உடனே பேசினேன்.

"இப்பதான் போன் பண்றீங்களா?" என்றார் டீக்கடைக்காரம்மா. "நேத்து மத்தியானம் பூரா எங்க கடை பெஞ்சுலதான் உக்காந்திருந்தாங்க. ஷிப்டு பஸ் எப்ப வரும்னு கேட்டுட்டே இருந்தாங்க. நான் அப்பவே போன் போட்டேன், ஒரு ஆள் 'வெய்யி போனை'ன்னு கத்துறான். சாயங்காலம் கூட்டத்துல ஓசூர் பஸ் ஏறிட்டாங்க. நான் பால் இறக்கி வெச்சுட்டு ஓடறதுக்குள்ள வண்டி கிளம்பிடுச்சு."

அவர் கடைக்கும் பேனருக்கும் நடுவே ஒரு சாலை. அவ்வளவுதான்.

நேராக ஃப்ளெக்ஸ் கடைக்குப் போய் அந்தப் பெண்மணியின் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு அல்சூர் பேனரின் எதிர்ப்புற நடைபாதையில் நிறுத்தினேன்.

"படிங்கம்மா."

அவர் படித்தார். எட்டு என்றார். வாயைப் பொத்திக்கொண்டார்.

கடைக்குத் திரும்பியதும் அவரே காரணம் சொன்னார். "கோடு எழுத்தோட விளிம்புல நடுசென்டரா உக்காருது சார். பாதி வெளிய, பாதி உள்ள. தடிமன் ஏத்த ஏத்த உள்பக்கம் எழுத்தையே தின்னுடும். ஆறோட வால் மேலே திறந்து இருக்கணும்ல, அந்தச் சந்து அடைஞ்சிருச்சு." நிழல் மிச்சமிருந்த இடைவெளியையும் நிரப்பி, ஒவ்வொரு எண்ணையும் பக்கத்து எண்ணோடு ஒட்டவைத்திருந்தது. திரையில் எரிந்த வெளிச்சம் ஃப்ளெக்ஸில் எரியவில்லை. மைக்கு எரியத் தெரியாது. அது வெளிறிய மஞ்சள் கறையாகப் படர்ந்து, எழுத்து எங்கே முடிகிறது என்பதையே அழித்திருந்தது. தமிழ் எழுத்துகளின் புள்ளிகள் அந்தக் கறைக்குள் போய்விட்டன. கன்னடத்தில் எழுத்துக்குக் கீழே ஒட்டி வரும் ஒத்தெழுத்துகள் வெறும் குமிழ்களாகத் தொங்கின.

"கல்யாணத்துக்குன்னா யாரும் படிக்கிறதில்லை சார். போட்டோ பாப்பாங்க, போயிடுவாங்க" என்றார். அதில் கிண்டல் இல்லை. அவருக்கே அது அப்போதுதான் உறைத்தது.

"தடியாப் போடச் சொன்னது நான்" என்றேன். இதைச் சொல்ல எந்தப் படிவமும் தேவைப்படவில்லை.

புதியதில் வெள்ளைப் பின்னணி, கருப்பு எழுத்து. கோடு இல்லை, நிழல் இல்லை, வெளிச்சம் இல்லை. எண்களுக்கு நடுவே தாராளமாக இடம். 'காணவில்லை' என்ற சொல் மட்டும் அக்காவின் படத்தின் மேல் விழுந்தது. அங்கே புடவையின் பச்சையும் சுவரின் நிழலும் மாறிமாறி வந்ததால் கருப்பு தொலைந்துபோனது. அதற்கு மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்றை எழுத்தின் பின்பக்கமாக வைத்தார். எழுத்தின் தடிமன் குறையவில்லை. சொல் படத்திலிருந்து பிரிந்து நின்றது. கோடு தேவைப்பட்ட ஒரே இடம் அது.

எண் வரியை மட்டும் முழு அளவில் ஒரு துண்டு அச்சடித்து எதிர்ச் சுவரில் ஒட்டினோம். நானும் படிக்கவில்லை, அவரும் படிக்கவில்லை. எங்கள் இருவருக்கும் எண் தெரியும். பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒருவரைக் கூப்பிட்டேன்.

"அந்த நம்பரைக் கொஞ்சம் படிங்க."

"எதுக்கு சார்? போட்டியா?"

"படிங்க சார், ப்ளீஸ்."

படித்தார். ஆறு, ஆறாக வந்தது. அதன் பிறகும் இன்னொருவரைப் படிக்கச் சொன்னேன். மூன்றாவது ஆளைத் தேடியபோது கடைக்காரப் பெண்மணி என்னைத் தடுத்தார். "டைம் ஆகுது சார்."

ஆட்டோக்காரர் தானாகவே வந்தார். பேனர்களைப் பின்சீட்டில் சுருட்டி வைத்து, ஆனேக்கலுக்கும் அங்கிருந்து ஓசூருக்கும் போனோம். வழியில் ஒருமுறை அவர், "நான் அந்த ரெண்டு பேரையும் திட்டாம இருந்திருந்தா" என்று ஆரம்பித்தார். நான் கேட்காதவன்போல வெளியே பார்த்தேன். அந்த வாக்கியத்தை முடிக்கும் உரிமை அவரைவிட எனக்கே அதிகம்.

மூன்றாவது இரவும் போனது.

வியாழன் காலை ஏழரைக்கு ஒரு பஸ் கண்டக்டர் பேசினார். நின்றுகூடப் பார்க்கவில்லையாம், ஓசூர் பஸ் நிலையத்துக்குள் வண்டி திரும்பும்போது படியில் நின்றபடி எண்ணைப் பார்த்து அழுத்தியிருக்கிறார். பச்சைப் புடவை கட்டிய அம்மா ஒருவர் முந்தின நாள் நடைமேடையில் மயங்கிக் கிடந்தார், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள் என்றார்.

உயிரோடு இருந்தாள். சர்க்கரை எவ்வளவு இருந்தது என்று அங்கிருந்த டாக்டர் சொன்ன எண்ணை நான் எழுதப்போவதில்லை. சிறுநீரகம் மீளுமா என்று இரண்டு நாள் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். "எத்தனை நாளா இன்சுலின் இல்லாம இருக்காங்க?"

"திங்கட்கிழமை இரவிலிருந்து."

"செவ்வாய்க்கிழமையே கொண்டு வந்திருந்தா இவ்வளவு மோசமாகியிருக்காது."

"தெரியும்" என்றேன்.

கட்டிலின் கால்மாட்டில் ஓர் அட்டை தொங்கியது. உறவினர் எண்ணை அதில் எழுதச் சொல்லி நர்ஸ் மார்க்கர் கொடுத்தார். எழுதினேன். பிறகு வார்டு வாசல் வரைக்கும் பின்னால் நடந்துபோய், அங்கே நின்று அதைப் படித்துப் பார்த்தேன். அந்த வழியாக வந்த ஆயாம்மாவையும் படிக்கச் சொன்னேன்.

அக்கா கண்ணைத் திறந்திருந்தாள். வாசலைப் பார்த்து நர்ஸிடம் கேட்டாள்:

"யாரும்மா அங்க நிக்கிறது?"