ஐந்தேகாலுக்கு மேல் பேசலாம்

கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த அந்த இடத்தில் அவளை எல்லோரும் மேலக்கா என்றே கூப்பிட்டார்கள். காலை ஏழு மணிக்கு ஏணியில் ஏறினால் மாலைவரை அறுபது மீட்டர் உயரத்தில், கோபுர கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள்தான் அவள் குடித்தனம். சாப்பாடும் அங்கேதான். கீழே நிற்பவர்கள் அவளைப் பார்ப்பதைவிட வாக்கி டாக்கியில் கேட்பதுதான் அதிகம். அதிலும் அவள் பேச்சு எண்ணி வைத்ததுபோல இருக்கும். "ஏத்தறேன்." "நிறுத்திட்டேன்." "திரும்பச் சொல்லுங்க." அவ்வளவுதான்.

வீட்டிலும் அப்படித்தான். கணவர் ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவர், வாய் ஓயாதவர். கல்யாணமான புதிதில், தன்மேல் ஏதோ கோபம் போலிருக்கிறது என்று ஒரு மாதம் பயந்து கிடந்தாராம். பிறகுதான் இது கோபமில்லை, சுபாவம் என்று புரிந்து நிம்மதியானார்.

முதலில் ஆட்களை ஏற்றி இறக்கும் ஹாய்ஸ்ட்டை இயக்கத்தான் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். நாள் முழுக்கத் தலைக்கு மேல் சுற்றும் கிரேனின் நீண்ட கையைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் மேஸ்திரியிடம் போய், "அத ஓட்ட என்ன படிக்கணும்?" என்று கேட்டாள். அவர் சிரித்தார். பயிற்சி முடித்து உரிமம் வாங்கி வந்து நின்றபோது சிரிக்கவில்லை. அது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது.

இப்போது கட்டடம் உச்சியைத் தொட்டுவிட்டது. இன்னும் ஆறு வாரத்தில் கிரேனைப் பிரித்துவிடுவார்கள். துறைமுகத்தில் கப்பலிலிருந்து சரக்குப் பெட்டகம் இறக்கும் கிரேனுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டிருந்தாள். பதில் வரும் என்ற நம்பிக்கை பாதிகூட இல்லை.

அது ஒரு வியாழக்கிழமை. மொட்டைமாடிக்குக் கம்பிக்கட்டு ஏற்றிக்கொண்டிருந்தாள். கூண்டுக்குள் போன் அணைந்திருக்க வேண்டும் என்பது விதி. அதை விதிக்காகக்கூட அவள் செய்யவில்லை. கொக்கியில் ஒன்றரை டன் தொங்கும்போது காதுக்குள் வேறு யாரும் வரக்கூடாது. அன்று மதியம் ஒரு சோதனைக்காகக் கிரேனை ஒரு மணி நேரம் நிறுத்தியதால் கீழே இறங்கினாள். பையைத் திறந்து போனை உயிர்ப்பித்தால், பதினொன்று பத்துக்கு அழைத்ததாக ஒரு தகவலும் ஒரு குரல் செய்தியும் காத்திருந்தன.

பெண் குரல். அவசரக் குரல். துறைமுக நிறுவனத்தின் ஆள்சேர்ப்புப் பிரிவு, கப்பல் கிரேன் வேலைக்கான விண்ணப்பம், சில கேள்விகள் கேட்க வேண்டும், நாளைக்குள் என் மொபைலில் கூப்பிடுங்கள். கடைசியில் எண்ணை மழை கொட்டுவதுபோலச் சொல்லி முடித்துவிட்டார். அந்த எண்ணைப் பிடிக்க மேலக்கா நான்கு தடவை கேட்க வேண்டியிருந்தது. அழைப்பு வந்த எண்ணுக்கே திருப்பி அடித்துப் பார்த்தாள். அது அலுவலகத்தின் பொது எண். உள் இணைப்பு எண்ணை அழுத்தச் சொல்லி ஓர் இயந்திரம் பாடிக்கொண்டே இருந்தது.

மொபைல் எண்ணுக்கு அடித்தாள். மணி அடித்து ஓய்ந்தது. "இப்போது பேச இயலவில்லை, செய்தியைப் பதிவு செய்யுங்கள்" என்றது அதே அவசரக் குரல். பீப்.

"ஹலோ... மேடம்... நான்தான்... நீங்க காலைல கூப்பிட்டிருந்தீங்க... நான் கவனிக்கல... அதான்..." பக்கத்தில் கான்கிரீட் லாரி உருளையைச் சுழற்றிக்கொண்டிருந்தது. அவள் பதறிப்போய் வைத்துவிட்டாள்.

பாரங்களுக்குச் சைகை காட்டும் பையன், அவளுடைய வாக்கி டாக்கிக் கூட்டாளி, சாப்பாட்டை மெல்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்றவன்தான், ஆனாலும் எல்லோருக்கும் அவன் பையன்.

"அக்கா, யாருக்கு போன்?"

"துறைமுகத்துக்கு. வேலைக்கு."

"'நான்தான்'னா யாருன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? மேலேர்ந்து நீங்க 'நான்தான்'னு மட்டும் சொன்னா நான் கொக்கியில கை வைப்பேனா?"

சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு அவன் கை கழுவப் போய்விட்டான். அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வருடமாக முகம் தெரியாத உயரத்திலிருந்து வெறும் குரலை நம்பித்தானே பிழைக்கிறாள். யார், என்ன பாரம், எந்தப் பக்கம், எப்போது. முக்கியமானதை இரண்டு முறை. அதற்கு மேல் ஒரு சொல் கூடாது. அந்தப் பக்கம் முகம் இல்லையே என்றுதானே இயந்திரத்தைப் பார்த்துப் பயந்தாள்? முகம் இல்லாமல் பேசத் தெரிந்தவள் இந்த வளாகத்திலேயே அவள் ஒருத்திதான்.

சாமான் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்க்காரம்மாவின் தகர அறைக்குப் போனாள். கதவைச் சாத்தினால் சத்தம் பாதியாகும். "அஞ்சு நிமிஷம் இங்க நின்னுக்கறேன்" என்று கேட்டாள். ஸ்டோர்க்காரம்மா கையுறைகளை எண்ணியபடியே தலையாட்டினார். பழைய சரிபார்ப்புத் தாளின் பின்பக்கம் ஐந்து வரி எழுதிக்கொண்டாள். ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்தாள். மறுபடி அடித்தாள். மறுபடியும் பீப்.

"வணக்கம்." முழுப்பெயரை நிதானமாகச் சொன்னாள். "கப்பல் கிரேன் இயக்குநர் வேலைக்கு விண்ணப்பிச்சிருக்கேன். இன்னிக்குக் காலைல பதினொன்னு பத்துக்கு நீங்க கூப்பிட்டப்ப கிரேன் மேல இருந்தேன். கூண்டுக்குள்ள போனை அணைச்சு வச்சிருப்பேன். அதனால எடுக்க முடியல. இன்னிக்கு சாயங்காலம் அஞ்சேகாலுக்கு மேல பேசலாம். நாளைக்குக் காலைல ஆறரைக்குள்ள பேசலாம். என் நம்பர்..." இரண்டிரண்டு இலக்கமாக, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு மூச்சு விட்டு, சொன்னாள். "மறுபடி சொல்றேன்." மறுபடி சொன்னாள். கடைசியில் பெயரை இன்னொரு தடவை. "முன்னாடி சத்தத்தோட வந்த செய்தியும் என்னோடதுதான். அத விட்டுடுங்க. நன்றி."

முப்பத்தெட்டு நொடி. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தாள். ஸ்டோர்க்காரம்மா கையுறை எண்ணுவதை எப்போதோ நிறுத்தியிருந்தார்.

"உனக்கு இப்படியெல்லாம் பேசத் தெரியுமா?" என்றார் மெதுவாக.

அவளுக்கே அது தெரியாது. தன் பெயரை, தன் வேலையை, தன் நேரத்தை ஓர் அந்நியருக்கு முன்னால் தடுமாறாமல் வரிசையாக எடுத்து வைத்தது அவள் ஆயுளில் அதுவே முதல் தடவை. அந்தக் குரல் இப்போது எங்கோ, தான் பார்த்தே இராத ஓர் அலுவலகத்தில், யாரோ ஒருவர் கைக்குள் காத்திருக்கிறது என்று நினைத்தபோது முதல் நாள் கூண்டிலிருந்து கீழே எட்டிப் பார்த்தது நினைவுக்கு வந்தது.

செய்தி கேட்கப்படாமலே கிடந்துவிடலாம் என்று தோன்ற, அதே எண்ணுக்குச் சிறிதாக ஒரு குறுஞ்செய்தியும் அனுப்பினாள். பெயருக்குக் கீழே இவ்வளவுதான்: "கப்பல் கிரேன் வேலை தொடர்பாக. காலையில் உங்கள் அழைப்பைத் தவறவிட்டேன், மன்னிக்கவும். குரல் செய்தி விட்டிருக்கிறேன். இன்று 5.15க்கு மேல் பேசலாம். நன்றி." எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தினாள். போனை அணைத்தாள். ஏணி ஏறினாள்.

அன்று பார்த்துப் பிற்பகலில் காற்று எழுந்தது. மூன்று மணிக்குக் காற்றுமானியின் முள் ஏறத் தொடங்கியது. நாலே முக்காலுக்கு எச்சரிக்கை மணி அடித்தது. கொக்கியைக் காலியாக மேலே இழுத்து, கொக்கியைத் தாங்கி ஓடும் டிராலியைக் கூண்டுப் பக்கம் கொண்டுவந்து, கிரேனின் கை காற்றோடு தானே சுற்றிக்கொள்ளட்டும் என்று சுழல் பிரேக்கை விடுவித்தாள். இவை எதையும் அவசரமாகச் செய்யக் கூடாது. மணி ஐந்து. ஏணியில் இறங்கவே கால் மணி நேரம் பிடிக்கும். அவள் ஓடவில்லை. காற்றில் ஓடுகிறவள் அவள் இல்லை. தளத்துக்குத் தளம் நின்று, பிடித்து, இறங்கினாள்.

தகர அறைக்குள் நுழைந்து போனை உயிர்ப்பித்தபோது ஐந்து பதினான்கு. அது விழித்து, தன்னைத் தேடிக்கொண்டு, சிக்னலைப் பிடித்த மாத்திரத்தில் கையிலேயே அதிர்ந்தது.

"அஞ்சேகால் ஆச்சா?" என்றது அந்தப் பெண் குரல். இப்போது அவசரம் இல்லை.

மேலக்கா தகரக் கதவைச் சாத்தினாள். எங்கோ இருக்கும் ஒருவர், தன்னைக் கண்ணால் காணாதவர், பிற்பகல் முழுக்க வேலைகளுக்கு நடுவில், இவள் சொன்ன நிமிடத்தைப் பத்திரமாக வைத்திருந்து அந்த நிமிடத்திலேயே கூப்பிடுகிறார். இவளுடைய ஐந்தேகால் அங்கேயும் ஐந்தேகாலாக இருந்திருக்கிறது.

"ஆச்சு மேடம். பேசலாம்."

அனுபவம், உரிமம், பார்வைப் பரிசோதனை, இரவுப் பணிக்குச் சம்மதமா என்று கேள்விகள் பத்து நிமிடம் போயின. முடிந்ததும் அவரே சொன்னார்:

"இன்னிக்கு பதினாலு பேருக்குக் கூப்பிட்டேன். ஒன்பது பேர் எடுக்கல. பாதிப் பேர் திரும்பக் கூப்பிட்டுட்டு ஒன்னுமே சொல்லாம வச்சுட்டாங்க. ரெண்டு பேர் செய்தி விட்டாங்க, நம்பர் புரியல. உங்களோடத ஒரே தடவைல எழுதிட்டேன். என் செய்தில நம்பர வேகமா சொல்லிட்டேனோன்னு அப்பதான் எனக்கே தோணுச்சு."

"நாலு தடவ கேட்டேன் மேடம்."

அவர் சிரித்துவிட்டார். பிறகு குரலைச் சற்றுத் தாழ்த்தினார். "கூண்டுக்குள்ள போனை அணைச்சு வச்சிருப்பேன்னு சொன்னீங்கல்ல, அத எங்க கிரேன் பிரிவு மேலாளருக்குப் போட்டுக் காட்டினேன். இவங்கள முதல்ல வரச்சொல்லுங்கன்னாரு. செவ்வாய்க்கிழமை காலைல ஒன்பதுக்கு செய்முறைத் தேர்வு. வர முடியுமா?"

தவறவிட்டதற்குக் காரணமாக, கொஞ்சம் கூனிக்குறுகிச் சொன்ன ஒற்றை வரி அது.

அன்று மாலை கணவரிடம் முழுவதையும் சொன்னாள். அவர் மாவு ஒட்டிய கையோடு வாய் பிளந்து கேட்டார். "அந்தச் செய்திய எனக்கும் போட்டுக் காட்டேன்" என்றார்.

"அது என்கிட்ட இல்லீங்க. அவங்ககிட்டதான் இருக்கு."

"முப்பத்தெட்டு செகண்டா? பதினாறு வருஷத்துல என்கிட்ட சேர்ந்தாப்ல அவ்ளோ நேரம் நீ பேசினதே இல்லியேடி." பொறாமைப்படுவது போலத்தான் தொடங்கினார். முடிக்கும்போது கண் கலங்கியிருந்தது.

செவ்வாய்க்கிழமைத் தேர்வில் ஒரு பெட்டகத்தைச் சற்றே தள்ளி இறக்கினாள். கேட்காமலே அதை ஒப்புக்கொண்டு திரும்பத் தூக்கிச் சரியாக வைத்தாள். இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பயிற்சிக்காலம் மூன்று மாதம்.

முதல் நாள் அவளைக் கூட்டிப்போன பயிற்சியாளர், கூண்டின் கதவைத் திறந்து, உள்ளே காலை வைக்கச் சொன்னார். தரை முழுக்கக் கண்ணாடி. பிறகு கூண்டே கிரேனின் கை வழியே கடலை நோக்கி நகரத் தொடங்கியது. கரை பின்னால் போனது. காலுக்கடியில் கப்பலின் திறந்த வயிறும், அதைத் தாண்டிக் கறுத்த தண்ணீரும் விரிந்தன. அவள் குனிந்து பார்த்தபடி நின்றாள்.

"பயமா இருக்கா?" என்று கேட்டார் பயிற்சியாளர்.

"இல்ல," என்றாள். பிறகு, யாரும் கேட்காமலே, இன்னொன்றும் சொன்னாள். "இவ்ளோ பெருசா இருக்கும்னு நெனைக்கல."